மலேரியா கிருமியே இல்லேங்குது டெஸ்ட், ஆனா தினமும் மலேரியா மாத்திரை: இது என்ன வைத்தியம்?

குமாசிக்கணக்கர், 3 மார்ச் 2022

கானாவுல குமாசி பக்கம் ஒரு மர ஆலையில கணக்கு பாக்கறேன். எங்க மெஸ்ல சமைக்கிற அம்மாவுக்கு 38 வயசு இருக்கும், கோகோ தோட்டத்து ஊர்க்காரங்க. ரெண்டு வருஷமா வயித்துல இடது பக்கம் கனமா இருக்கு, குனிஞ்சு பானை தூக்க முடியலன்னு சொல்லிட்டே இருந்தாங்க, போன வாரம் நானே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனேன். மண்ணீரல் தொப்புள் வரைக்கும் வந்திருக்காம். ரத்தத்துல மலேரியா பாத்தாங்க, ரெண்டு தடவையும் இல்லன்னு வந்துச்சு. ஆனா டாக்டர் ப்ரோகுவானில்னு ஒரு மலேரியா மாத்திரை தினமும் ஒண்ணு, ஆறு மாசம் சாப்பிடுங்க, அப்புறம் பாக்கலாம்னு அனுப்பிட்டார். கிருமி இல்லாத மலேரியாவுக்கு ஆறு மாசம் மாத்திரையா? இங்க ஒருத்தர் இது ரத்தப் புற்றுநோய், நேரத்தை வீணாக்கறாங்கன்னு சொல்றார். இன்னொருத்தர் மண்ணீரலை வெட்டி எடுத்துடணும்ங்கிறார். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மருந்துக்கடை பாலு, 3 மார்ச் 2022

மலேரியா திரும்பத் திரும்ப வந்தா புற்றுநோய் வரும், அது நிரூபிச்ச விஷயம். ஆப்பிரிக்காவுல பர்கிட் லிம்போமான்னு தேடிப் பாருங்க. அந்த அம்மாவுக்கு அதுதான் இருக்கும். உடனே பயாப்சி எடுக்கச் சொல்லுங்க.

லேப் செல்வி, 4 மார்ச் 2022

கணக்கர் தம்பி, நான் ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை பாக்கறவ, உங்க பக்கம்தான் அஷாந்தி பகுதியில ஆறு வருஷம் இருந்தேன். டாக்டர் இல்ல, ஆனா இந்த மாதிரி வயிறு நூத்துக்கணக்குல பாத்திருக்கேன். அந்த டாக்டர் செஞ்சது சரி. இதுக்குப் பேரு ஹைப்பர்ரியாக்டிவ் மலேரியல் ஸ்ப்ளீனோமெகலி, நாங்க எச்எம்எஸ்னு சுருக்கிச் சொல்வோம், பழைய புத்தகத்துல டிராபிகல் ஸ்ப்ளீனோமெகலின்னு இருக்கும்.

கிருமி ஏன் தெரியலன்னா, அவங்க பொறந்ததுலேர்ந்து கொசுக்கடியிலேயே வளந்தவங்க, ஒடம்பு மலேரியாவை நல்லா அடக்கக் கத்துக்கிச்சு, அதனால கிருமி மைக்ராஸ்கோப்புல தெரியற அளவுக்கு ஏறுறதே இல்ல. பிரச்சினை கிருமியோட எண்ணிக்கை இல்ல, கிருமி வந்து தட்டும்போதெல்லாம் ஒடம்பு காட்டுற எதிர்ப்போட அளவு. சிலருக்கு மட்டும் அந்த எதிர்ப்பு நிக்கத் தெரியாம போயிடுது. ஐஜிஎம்னு ஒரு வகை எதிர்ப்புப் புரதம், ரொம்பப் பெரிய மூலக்கூறு, அது கட்டுப்பாடில்லாம சுரந்து கட்டி கட்டியா சேருது, அதையெல்லாம் வடிகட்டி அள்ளுற வேலை மண்ணீரல் தலையில விழுது. அள்ளி அள்ளியே வீங்குது. வீங்கின மண்ணீரல் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாத்தையும் பிடிச்சு வெச்சுக்கும், அதனாலதான் ரத்தசோகை. மாத்திரை குடுக்கறது இருக்கிற கிருமியைக் கொல்றதுக்குன்னு நினைக்காதீங்க, புதுசா வந்து தட்டுற கையைத் தடுக்கறதுக்கு. தட்டல் நின்னா எதிர்ப்பு மெதுவா அடங்கும். ரொம்ப மெதுவா, மாசக் கணக்குல.

அவங்க ரத்தக் கணக்கு இருந்தா போடுங்க, வெள்ளையணு எவ்வளவுங்கிறதுதான் எனக்கு முக்கியம்.

லேப் செல்வி, 4 மார்ச் 2022, ராத்திரி

பாலு சார், நீங்க சொன்னதுல பாதி சரி. பர்கிட் லிம்போமாவுக்கும் மலேரியாவுக்கும் தொடர்பு உண்டு. உகாண்டாவுல டெனிஸ் பர்கிட் 1958ல எழுதினது, அப்புறம் அவரே ஊர் ஊரா வண்டியில போய் எங்கெல்லாம் அந்தக் கட்டி வருதுன்னு வரைபடம் போட்டார், அது மழையும் வெப்பமும் இருக்கிற பட்டையில, மலேரியா பட்டையிலேயே விழுந்துச்சு. ஆனா அது குழந்தைங்களுக்கு, பெரும்பாலும் பத்து வயசுக்குள்ள, தாடையில வாரக் கணக்குல பொங்கி வர்ற கட்டி, கூட எப்ஸ்டீன் பார் வைரஸும் இருக்கும். 38 வயசு அம்மாவுக்கு ரெண்டு வருஷமா மெதுவா வளர்ற மண்ணீரல் அது இல்ல. இங்க கேக்க வேண்டிய லிம்போமா வேற, மண்ணீரல்லயே உக்காந்திருக்கிற, சோம்பேறி மாதிரி மெதுவா வளர்ற ஒண்ணு.

குமாசிக்கணக்கர், 5 மார்ச் 2022

சீட்டு இருக்கு அக்கா. ஹீமோகுளோபின் 6.8, வெள்ளையணு 2,300, தட்டணு 74,000. மண்ணீரல் 17 செமீன்னு எழுதியிருக்கு. அந்த அம்மா இடுப்புக்கு மேல இடது பக்கம் சின்னச் சின்ன தழும்பு வரிசையா இருக்கு, பாத்து பயந்துட்டேன்.

லேப் செல்வி, 5 மார்ச் 2022

பயப்படாதீங்க, அது நாட்டு வைத்தியத்துல பிளேடால கீறி மருந்து தேய்ச்ச தழும்பு. மண்ணீரல் எவ்வளவு நாளா வீங்கியிருக்குன்னு அந்தத் தழும்பு பழசா புதுசான்னு பாத்தே ஓரளவு சொல்லிடலாம். வெள்ளையணு 2,300ங்கிறது எனக்கு நிம்மதி குடுக்குது, எச்எம்எஸ்ல கூடுறதை விட குறையறதுதான் அதிகம். அதுவே 20,000, 30,000ன்னு ஏறி அதுல முக்காவாசி லிம்போசைட்டா இருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்.

6.8ஐப் பாத்தும் அதிகமா கலங்க வேணாம். இவ்வளவு பெரிய மண்ணீரல் இருந்தா ரத்தத்துல நீர்ப்பகுதியும் கூடிடும், குழம்புல தண்ணி ஊத்தின மாதிரி, அதனால அணுக்கள் இருக்கிறதை விடக் குறைவாவே கணக்குல தெரியும்.

வெட்டி எடுக்கறதுக்கு அவசரமே படாதீங்க. மலேரியா ஊர்ல மண்ணீரல் இல்லாம இருக்கிறது ரொம்ப ஆபத்து, சாதாரண நிமோனியா கிருமி கூட ஒரு நாள்ல ஆளைக் கொண்டு போயிடும், மலேரியாவும் உக்கிரமா வரும். அதே சமயம் வயித்துல அடிபடாம பாத்துக்கச் சொல்லுங்க, யாரும் அமுக்கித் தேய்க்கக் கூடாது.

பெரம்பூர் ரமணி, 6 மார்ச் 2022

இதைப் படிச்சதுலேர்ந்து தூக்கம் இல்ல. எனக்கு 2004லயும் 2005லயும் சென்னையிலயே வைவாக்ஸ் மலேரியா வந்துச்சு. போன மாசம் வேற எதுக்கோ ஸ்கேன் எடுத்தப்ப மண்ணீரல் 13 செமீன்னு போட்டிருக்காங்க. 10 செமீக்கு மேல இருந்தா எச்எம்எஸ்னு இன்னொரு இடத்துல படிச்சேன். எனக்கும் லிம்போமா வருமா?

லேப் செல்வி, 6 மார்ச் 2022

ரமணி அண்ணே, நீங்க ரெண்டு வேற வேற அளவைக் கலந்துட்டீங்க. ஸ்கேன்ல வர்ற 13 மண்ணீரலோட முழு நீளம், எல்லாருக்குமே பத்து பன்னெண்டு இருக்கும், உங்களுக்குக் கொஞ்சம் கூட. எச்எம்எஸ்ல சொல்ற 10 செமீங்கிறது விலா எலும்புக்குக் கீழ எவ்வளவு தொங்குதுங்கிறது. சாதாரண மண்ணீரல் விலாவுக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும், கைக்குச் சிக்காது. படுக்க வெச்சு, இடது காறை எலும்புக்கு நடுவுலேர்ந்து நேரா கீழ வந்து, விலா விளிம்புல ஒரு பேனாப்புள்ளி, மண்ணீரல் நுனியில ஒரு பேனாப்புள்ளி, நடுவுல டெய்லர் டேப். அந்த அம்மாவுக்கு வந்த 17 இந்த அளவு. ரெண்டு தடவை காய்ச்சல் வந்து போனவங்களுக்கு இது வர்ற நோய் இல்ல, வருஷக் கணக்கா விடாம கடி வாங்கினவங்களுக்கு வர்றது. 13க்கு வேற காரணம் இருக்கான்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, ஆனா இந்த இழைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, தூங்குங்க.

லேப் செல்வி, 13 மார்ச் 2022

கணக்கர் தனி மெசேஜ்ல கேட்ட கேள்விக்கு இங்கயே எழுதறேன், எல்லாருக்கும் உபயோகப்படும். "அப்ப லிம்போமா இல்லன்னு எப்படி உறுதியா சொல்றது?"

இதுல கண்ணு திறந்தது குமாசியிலதான். கோம்ஃபோ அனோச்சே ஆஸ்பத்திரியில 1990 வாக்குல இமெல்டா பேட்ஸும் ஜார்ஜ் பெடு அடோவும் பெரிய மண்ணீரல்காரங்களை வரிசையா எடுத்து தினமும் 100 மிகி ப்ரோகுவானில் குடுத்துப் பாத்தாங்க. பலருக்கு நல்லா சுருங்குச்சு, சிலருக்கு அசையவே இல்ல. எதிர்ப்புப் புரதம் சுரக்கிற வெள்ளையணு வகைதான் பி செல், ரத்தத்துல இருக்கிற அந்த பி செல்களோட மரபணுவைப் பாத்தாங்க. சுருங்கினவங்ககிட்ட பல ஆயிரம் விதமான பி செல் கலந்து இருந்துச்சு, அதாவது மலேரியா மேல ஒடம்பு காட்டுற வெறும் கோபம், புற்றுநோய் இல்ல. அசையாதவங்கள்ல சிலர்கிட்ட ஒரே செல்லோட வாரிசுங்க குவிஞ்சு கிடந்துச்சு. அது லிம்போமாவோட அடையாளம். 1991ல லான்செட்ல வந்துச்சு.

அப்ப மாத்திரையே பரிசோதனையும் ஆயிடுது பாருங்க. ஆறு மாசம் ஒழுங்கா சாப்பிட்டும் சுருங்கலன்னா டாக்டர் லிம்போமாவைத் தேடணும். ஆனா "ஒழுங்கா"ங்கிற வார்த்தைதான் அங்க எல்லாமே. ப்ரோகுவானில் சிலருக்கு வாய்ப்புண் குடுக்கும், காரமான ஸ்டூ சாப்பிட முடியாம போகும், யார்கிட்டயும் சொல்லாம மாத்திரையை நிறுத்திடுவாங்க, ஆறாவது மாசம் மண்ணீரல் அப்படியே இருக்கும், உடனே லிம்போமான்னு முத்திரை குத்திடுவாங்க. அதனால முதல்ல அட்டையில எத்தனை மாத்திரை மிச்சம் இருக்குன்னு எண்ணணும்.

சிஸ்டர் மேரி, 14 மார்ச் 2022

நான் ஜார்க்கண்ட்ல பன்னெண்டு வருஷம் மிஷன் ஆஸ்பத்திரியில இருந்தேன். இங்கயும் இதே வயிறு வரும், ஆனா நாங்க முதல்ல மண்ணீரலை இதே மாதிரி வீங்க வெக்கிற காலா அசார் காய்ச்சல் இல்லன்னு உறுதி பண்ணிட்டுத்தான் இந்தப் பேரையே எடுப்போம். காலா அசாரை மலேரியா மாத்திரை குடுத்து ஆறு மாசம் பாத்துட்டிருந்தா ஆள் போயிடுவாங்க. செல்வி சொல்றது கானாவுக்கு, அப்படியே தூக்கி எல்லா ஊருக்கும் வெக்காதீங்க. கர்ப்பிணிகளுக்கு இது இருந்தா இன்னும் கவனம், திடீர்னு சிவப்பணு உடைஞ்சு ஒரே நாள்ல வெளுத்துப் போவாங்க, நான் ரெண்டு பேரை அப்படிப் பாத்திருக்கேன்.

லேப் செல்வி, 14 மார்ச் 2022

சிஸ்டர் சொன்னது சரி, நான் சேர்த்திருக்கணும். ஊருக்கு ஊர் முதல் சந்தேகம் மாறும். கானாவுலயே வோல்டா ஏரிப் பக்கத்து ஆளா இருந்தா நத்தைக்காய்ச்சல் பாக்காம விடக் கூடாது.

லேப் செல்வி, 27 மார்ச் 2022

ஒரு ஆளை எழுதாம இந்த இழையை விட மனசு வரல. நான் வேலை பாத்த லேப்ல (ஊர் பேர் வேணாம்) ஒரு கோகோ விவசாயி, 55 வயசுக்கு மேல, மண்ணீரல் 20 செமீ. எச்எம்எஸ்னு எழுதி ஒரு வருஷமா மாத்திரை குடுத்திட்டிருந்தாங்க. அவர் ரத்தம் காலையில குத்தி, மினிபஸ்ல நாலு மணி நேரம் வெயில்ல வந்து, மத்தியானம் என் கையில டியூபா வந்து சேரும். ஸ்லைடு போட்டா செல் எல்லாம் சுருங்கிக் கசங்கி இருக்கும், லிம்போசைட் கூடன்னு மட்டும் எழுதி அனுப்பிட்டேன். வெள்ளையணு 31,000, அப்பவே எனக்கு உறுத்தியிருக்கணும், உறுத்தல.

அடுத்த தடவை அவரே நேர்ல வந்தார். விரல்ல குத்தி அந்த நிமிஷமே தேய்ச்சேன். உயர் ஐஜிஎம் இருந்தா ஸ்லைடு பின்னணியே லேசா நீலம் பூத்த மாதிரி இருக்கும், சிவப்பணுக்கள் காசு அடுக்கின மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டும், அது இருந்துச்சு. ஆனா லிம்போசைட்டுங்க ஓரத்துல, ஒரு முனையில மட்டும், குட்டையா மயிர் மொளைச்ச மாதிரி இழைகள். ஒண்ணு ரெண்டு இல்ல, பாக்கற எடமெல்லாம். வில்லஸ் லிம்போசைட்னு சொல்வாங்க, மண்ணீரல் லிம்போமாவோட செல் அது. பழைய டியூப் ரத்தத்துல அந்த இழை சிதைஞ்சு காணாமப் போயிடும். அதுக்கப்புறம் அவருக்கு லிம்போமா மருந்து ஆரம்பிச்சாங்க. ஒரு வருஷம் போயிடுச்சு, அதுல பங்கு என்னோடதும்தான். அன்னிலேர்ந்து பெரிய மண்ணீரல்னு சீட்டுல இருந்தா நான் வார்டுக்கே போய் விரல் குத்தித் தேய்ச்சுட்டு வருவேன்.

மருந்துக்கடை பாலு, 28 மார்ச் 2022

அப்ப அவருக்கு மலேரியாவாலதான் லிம்போமா வந்துச்சு, நான் சொன்னதுதானே?

லேப் செல்வி, 29 மார்ச் 2022

அதைத்தான் சொல்ல முடியல சார். ரெண்டு கதை இருக்கு. ஒண்ணு, வருஷக் கணக்கா தட்டித் தட்டி பி செல்களைப் பெருக்கினதுல ஒண்ணு கட்டு மீறிப் போச்சு. இன்னொண்ணு, முதல் நாள்லேர்ந்தே அது லிம்போமாதான், எச்எம்எஸ் வேஷத்துல இருந்துச்சு, நாம பாக்கல. என் விவசாயி விஷயத்துல எது உண்மைன்னு எனக்குத் தெரியல, ஏன்னா ஒரு வருஷம் முன்னாடி நல்ல ஸ்லைடே இல்ல.

திருச்சி ரத்தவியலர், 2 ஏப்ரல் 2022

ரொம்ப நாளா படிச்சிட்டிருக்கேன், இப்பதான் எழுதறேன். செல்வியோட முதல் கதைக்குத் துணை வேற எடத்துலேர்ந்து இருக்கு. இதே வில்லஸ் லிம்போமா பிரான்ஸ்ல ஹெபடைடிஸ் சி இருந்த ஒன்பது பேருக்கு இருந்துச்சு, கேன்சர் மருந்து குடுக்காம வைரஸுக்கு மட்டும் இன்டர்ஃபெரான் குடுத்தாங்க, ஏழு பேருக்கு லிம்போமா மறைஞ்சுது. 2002ல வந்த ஆய்வு. வைரஸ் இல்லாத லிம்போமாக்காரங்களுக்கு அதே மருந்து வேலை செய்யல. அப்ப கிருமி தூண்டிக்கிட்டே இருந்தாத்தான் வாழற லிம்போமான்னு ஒரு வகை இருக்கு. மலேரியாவும் அப்படி ஒரு தூண்டுகோலா இருக்க வாய்ப்பு நிறைய.

பி செல் எதிர்ப்புப் புரதத்தைப் பொருத்தமா ஆக்கறதுக்கு தன்னோட டிஎன்ஏவையே வெட்டி மாத்தும், அதுக்கு ஏஐடின்னு ஒரு என்சைம் கத்திரிக்கோல். கத்திரி வேற எடத்துல பட்டா தப்பான ஜோடி ஒட்டிக்கும். 2015ல நியூயார்க்ல எலிகளுக்கு மலேரியா கிருமி ஏத்தி, இந்தக் கத்திரி நாள்பட வேலை செஞ்சு பி செல் லிம்போமா வந்ததைக் காட்டினாங்க. ஆனா அந்த எலிகள்ல பி53ங்கிற காவல் மரபணுவை முன்னாடியே எடுத்திருந்தாங்க, அதையும் சேர்த்துச் சொல்லணும். மனுஷங்கள்ல எச்எம்எஸ் கண்ணு முன்னாடி லிம்போமாவா மாறினதை ஆரம்பத்துலேர்ந்து தொடர்ந்து பாத்த சான்று ரொம்பக் குறைவு. நான் என் மாணவர்களுக்கு "நம்பத் தகுந்தது, முடிவானது இல்ல"ன்னுதான் சொல்றேன்.

லேப் செல்வி, 3 ஏப்ரல் 2022

நன்றி டாக்டர். ஒரு சந்தேகம்: ப்ரோகுவானில்ல பாதி சுருங்கி அதுக்கப்புறம் நிக்கறவங்களை எங்க வெப்பீங்க? எனக்கு அவங்கதான் கஷ்டம்.

திருச்சி ரத்தவியலர், 3 ஏப்ரல் 2022

எங்கயும் வெக்க மாட்டேன், மாத்திரையைத் தொடர்ந்து குடுத்து மூணு மாசத்துக்கு ஒரு தடவை லிம்போசைட் எண்ணிப் பாப்பேன். ரத்தப் புரதங்களைப் பிரிச்சுக் காட்டுற எலக்ட்ரோஃபோரெசிஸ் வசதி இருந்தா அதையும். அந்தப் படத்துல எதிர்ப்புப் புரதத்தோட மேடு அகலமா இருந்தா எச்எம்எஸ் பக்கம், ஊசி மாதிரி குறுகலா நின்னா லிம்போமா பக்கம். நடுவுல வர்றவங்க வரத்தான் செய்வாங்க.

குமாசிக்கணக்கர், 19 ஜூன் 2022

மூணு மாசம் ஆச்சு. 17லேர்ந்து 14. ஹீமோகுளோபின் 8.3. நடுவுல வாய்ப்புண் வந்துச்சு அக்கா, நீங்க சொன்னதால கேட்டேன், பத்து நாள் நிறுத்தினதை ஒத்துக்கிட்டாங்க. இப்ப மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் மெஸ்லயே என் முன்னாடி மாத்திரை. விரல் குத்தி ஸ்லைடு போடச் சொல்லிக் கேட்டேன், டாக்டர் சிரிச்சுட்டு யார் சொன்னதுன்னு கேட்டார், ஆனா செஞ்சார். மயிர் எதுவும் இல்லையாம்.

லேப் செல்வி, 19 ஜூன் 2022

இன்னிக்கு இதை விட நல்ல சேதி எனக்கு வேண்டாம். வாய் கொப்பளிக்க வெதுவெதுப்பா உப்புத்தண்ணி குடுங்க, புண் கூடினா டாக்டர்கிட்ட சொல்லி மருந்தை மாத்தலாம், தானா நிறுத்தாம இருந்தா போதும்.

குமாசிக்கணக்கர், 25 செப்டம்பர் 2022

ஆறு மாசம் முடிஞ்சுது. 9 செமீ. ஹீமோகுளோபின் 10.4, வெள்ளையணு 3,900. பெரிய பானையை ஒத்தை ஆளா இறக்கறாங்க. மாத்திரை எப்ப நிறுத்தலாம்?

லேப் செல்வி, 25 செப்டம்பர் 2022

அந்த ஊர்லயே இருக்கிற வரைக்கும் நிறுத்தக் கூடாது. கொசு இருக்கும், தட்டல் இருக்கும். மலேரியா இல்லாத ஊருக்கு மொத்தமா குடி போறவங்களுக்கு ஒரு முறை முழு மலேரியா சிகிச்சை குடுத்தாலே பெரும்பாலும் போதும், திரும்பக் கடி இல்லாததால தானா அடங்கிடும். கோகோ தோட்டத்துல இருக்கிறவங்களுக்கு அந்த வழி இல்ல. வருஷக் கணக்கா, சிலருக்கு ஆயுசுக்கும்.

குமாசிக்கணக்கர், 12 மார்ச் 2023

மன வருத்தமா எழுதறேன். நான் டிசம்பர்ல லீவுக்கு மன்னார்குடி வந்தேன், ரெண்டு மாசம். சொகமாத்தானே இருக்கேன்னு அவங்க மாத்திரையை விட்டுட்டாங்க, ஊர்க் கடையில அது கெடைக்கவும் இல்லையாம். போன வாரம் அளந்தப்ப 12. 9ல இருந்தது திரும்ப 12. லிம்போமாவா மாறிடுச்சோன்னு வயித்தைக் கலக்குது.

லேப் செல்வி, 12 மார்ச் 2023

மாத்திரை நிறுத்தினதும் வளந்துச்சுன்னா அது எச்எம்எஸ்ஸோட குணம்தான். மாத்திரை ஓடிட்டிருக்கும்போதே வளந்திருந்தா நான் பயந்திருப்பேன். லிம்போசைட் எண்ணிக்கை என்ன?

குமாசிக்கணக்கர், 14 மார்ச் 2023

மொத்த வெள்ளையணு 3,100. அதுல லிம்போசைட் 1,200. புது ஸ்லைடுலயும் ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்காங்க. நேத்திலேர்ந்து மாத்திரை திரும்ப ஆரம்பிச்சாச்சு. அரிவாள்செல் குழந்தைங்களுக்கு இதே மாத்திரை குடுப்பாங்கன்னு குமாசியில ஒரு கடைக்காரர் சொன்னார், அவர்கிட்ட ஆறு மாசத்துக்கு வாங்கி மெஸ் அலமாரியில வெச்சிருக்கேன். நான் லீவுல போனாலும் எண்ணிக் குடுக்க அவங்க மகளுக்குச் சொல்லிட்டேன். டெய்லர் டேப் அந்தப் பொண்ணுகிட்டயே இருக்கு, ஜூன்ல அளந்துட்டு எழுதறேன்.